நிற்கிறது என்பதா, நின்றது என்பதா?

அண்மையில் நம் மலைப்பகுதியில் மாணவர்க்கென நடைபெற்ற கட்டுரைப் போட்டி ஒன்றில் நாமும் நடுவராக அமர நேர்ந்தது. வந்திருந்த தாள்களில் ஒன்று, பழைய மூணாற்றில் ஆற்றோரம் குடியிருக்கும் ஒரு மாணவி எழுதியது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதிரப்புழை கரைபுரண்டு ஊருக்குள் புகுந்த அந்த நாள்களைப் பற்றியது அக்கட்டுரை. நம்முடன் அமர்ந்திருந்த நடுவர் ஒருவர் நெடுநாள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவர். நம் நண்பரும் ஆவார். அவர் அத்தாளின் ஒரு வாக்கியத்தின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ‘காலப்பிழை’ என்று எழுதி, மதிப்பெண்ணும் குறைத்திருந்தார். அந்த வாக்கியம் இது:

“மழை விட்டதென்று நாங்கள் படுத்தோம், நடுச்சாமத்தில் அம்மா கதவைத் திறந்து பார்த்தால் வாசற்படியில் தண்ணீர் நிற்கிறது.”

‘நிற்கிறது’ என்பதை அடித்துவிட்டு ‘நின்றது’ என மேலே எழுதியிருந்தார் நண்பர். காரணம் கேட்டோம். “ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறது வாக்கியம். ‘படுத்தோம்’ என்று இறந்த காலத்தில் தொடங்கியவள் இறந்த காலத்திலேயே முடிக்க வேண்டாமா? ஒரு வாக்கியத்துக்கு ஒரு காலம், இது சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விதி” என்றார்.

சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த இவ்விதி தொல்காப்பியர்க்குத் தெரியாது, பவணந்தியார்க்கும் தெரியாது. அவ்வளவு ஏன், அந்த மாணவியின் பாட்டிக்கும் தெரியாது. இவ்விதி தமிழில் எங்கும் இல்லை என்பதே நம் வாதம். அதனை இங்கு விரித்துரைக்கக் காரணம் உண்டு. பாலக்காட்டு எல்லையில் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பக்கங்களிலும், இடுக்கியில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு மலைகளிலும் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழில் எழுதுவதே அரிதாகி வருகிறது. அவ்வாறு எழுத வரும் பிள்ளையின் கையில் உள்ள நல்ல தமிழைப் பிழையென்று அடித்தும், உண்மையான பிழையைக் காணாமல் விட்டும் நாமே திருத்தி வருகிறோம் என்றால், அப்பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

முதலில் வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதில் ஐந்து வினைச் சொற்கள் உள்ளன: விட்டது, படுத்தோம், திறந்து, பார்த்தால், நிற்கிறது. இவ்வைந்தையும் ஒரே தட்டில் வைத்துக் காலம் நிறுத்தல் ஆகாது. தமிழ் வாக்கியத்தில் காலத்திற்குப் பொறுப்பேற்பது வினைமுற்று. எச்சங்கள் முற்றைச் சார்ந்து நிற்பவை. அவை காட்டும் காலம் முற்றின் காலத்தை நோக்க முன்னோ, உடனோ, பின்னோ என்பதே. ‘வந்து போகிறான்’ என்னும்போது ‘வந்து’ இறந்தகால எச்சம். ‘போகிறான்’ நிகழ்கால முற்று. இங்கே காலம் பிறழ்ந்தது என்று யாரும் கூறுவதில்லை. போதலுக்கு முன் வருதல் முடிந்தது, அவ்வளவே. ‘நாளை வந்து போவான்’ என்றாலும் அதே ‘வந்து’தான். பெயரெச்சமும் இவ்வாறே. ‘நேற்றுச் சந்தைக்குப் போகிற வழியில் அவரைக் கண்டேன்’ என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் வாக்கியம். ‘போகிற’ என்பது நிகழ்காலப் பெயரெச்சம். ‘கண்டேன்’ இறந்தகால முற்று. போதலும் காணலும் ஒரே வேளையில் நிகழ்ந்தன என்பதையே அந்நிகழ்காலம் காட்டுகிறது. இதனைப் ‘போன வழியில்’ என்று திருத்துவோமானால், எப்போதோ போய் முடித்த வழி ஒன்றில் பின்னொருநாள் கண்டதாகவும் பொருள்படக்கூடும்.

அடுத்து, ‘என்று’ என்னும் சொல்லால் தழுவப்படும் பகுதி. நம் வாக்கியத்தில் ‘மழை விட்டதென்று’ என்பது படுத்தவர்களின் எண்ணம். எண்ணியவர் எண்ணிய நேரத்தில் எந்தக் காலத்தில் எண்ணினாரோ, அந்தக் காலத்திலேயே தமிழ் அதனைப் பதிவு செய்யும். ‘வருகிறேன் என்றான்’ என்பதே தமிழ். ஆங்கிலத்தில் இதனைச் சொல்லும்போது, சொன்னது இறந்த காலமாயின் வருவதும் இறந்த காலத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்றொரு வரன்முறை உண்டு. பள்ளியில் நேர்கூற்று, அயற்கூற்று என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தது அதைத்தான். தமிழுக்கு அது இல்லை. மலையாளத்திற்கும் இல்லை என்பதை நம் எல்லைப்புறத்து வாசகர்க்குத் தனியே சொல்லவேண்டியதில்லை. ‘வராம் என்னு பறஞ்ஞு’ என்று அண்டை வீட்டார் சொல்வதை நாள்தோறும் கேட்கிறோம். ஆக, நம் பிள்ளைகளைச் சூழ்ந்த இரு மொழிகளும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் வழக்கை, வெளியிலிருந்து வந்த மூன்றாவது மொழியின் பாடப்புத்தகத்தைக் கொண்டு நம் நடுவர்கள் அளக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள கோல் எங்கிருந்து வந்தது என்பதை அவர்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

இவ்வாறு எச்சங்களையும் எண்ணத்தையும் கழித்துவிட்டால் எஞ்சுவன இரண்டே முற்றுகள்: படுத்தோம், நிற்கிறது. முதலாவது இறந்த காலம். இரண்டாவது நிகழ் காலம். வழக்கு இப்போதுதான் தொடங்குகிறது. இதற்கு முன்னரே தீர்ப்பெழுதியவர்கள் வழக்கைக் கேளாமல் எழுதியவர்கள்.

காலத்தைப் பற்றி நம் இலக்கணம் வகுத்த நிலைகள் மூன்று. காலம் இயல்பாக அமைவது வழாநிலை. ‘நேற்று வருவான்’, ‘நாளை வந்தான்’ என்றாற்போலக் காரணமின்றிப் பிறழ்வது வழு. காரணத்தோடு பிறழ்ந்து, ஆன்றோர் வழக்கால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. நம் நண்பரின் சிவப்பு மை முதல் இரண்டையும் அறியும்; மூன்றாவதை அறியாது. நன்னூலார் காலம் பிறழ்வதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணங்களைக் கூறி, பொருந்துமிடத்தில் முக்காலமும் பிறழப்பெறும் என்றார். இன்னும் புறப்படாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவு. எறும்பு முட்டையைச் சுமந்து மேடேறுவதைக் கண்டவன், இனிப் பெய்யப்போகும் மழையைப் பெய்ததாகவே கூறுவது தெளிவு. இவ்வுதாரணம் உரைகளில் வருவது. முன்னொரு காலத்தில் நாள்தோறும் செய்ததை ‘அந்தக் காலத்தில் பாட்டி கதை சொல்வாள்’ என எதிர்கால முற்றால் கூறுவது இயல்பு. பாட்டி இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ‘சொல்வாள்’ என்பதில் யாரும் பிழை காண்பதில்லை. நம் நண்பரும் காண்பதில்லை. பழகிவிட்ட பிறழ்ச்சி கண்ணில் படாது போலும்.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். நம் மாணவியின் ‘நிற்கிறது’ இந்நான்கனுள் எதிலும் கச்சிதமாக அடங்குவதில்லை. நடந்து முடிந்ததை இப்போது நடப்பதாகக் கூறுவதே அது. இதற்கு விரைவு காரணம் என்று சிலர் இழுத்துப் பொருத்துவர். நமக்கு அது உடன்பாடன்று. இதற்கு நேரான இடம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்து வினையியலின் முடிவில் தொல்காப்பியர், இறந்த காலமும் எதிர்காலமும் ஒன்றற்கொன்று மயங்கி வருவதைக் கூறியபின், எஞ்சிய காலமாகிய நிகழ்காலமும் அவ்வாறு மயங்குவதை நீக்கமாட்டார்கள் என்று மிகச் சிறிய நூற்பா ஒன்றை வைத்து இயலை முடித்துக்கொள்கிறார். ‘செய்க’ என்று அவர் விதிக்கவில்லை. ‘வரையார்’ என்றே சொல்கிறார். வழக்கில் கேட்டதை நூலில் பதிந்தவரின் நடை அது.

விலக்கில்லை என்பதால் எல்லாம் ஏற்புடையதாகிவிடுமா? ஆகாது. நன்னூலார் ‘பொருந்துமிடத்தில்’ என்று ஒரு வரம்பு கட்டினார் அல்லவா? அப்பொருத்தத்தைக் காண்பது எவ்வாறு என்பதுதான் நடுவரின் வேலை. நம் வாக்கியத்திலேயே அதனைப் பார்ப்போம்.

காலம் எங்கே மாறியது? ‘பார்த்தால்’ என்ற இடத்தில். இச்சொல்லை நண்பர் கவனிக்கவே இல்லை. இலக்கணப்படி அது ‘செயின்’ என்னும் வாய்பாட்டு எச்சம், எதிர்காலத்துக்கு உரியது, நிபந்தனைப் பொருளில் வருவது. ஆனால் இங்கே நிபந்தனை ஏதும் இல்லை. அம்மா பார்த்தால் தண்ணீர் நிற்கும், பாராவிட்டால் நிற்காது என்று அதற்குப் பொருள் அன்று. அம்மா உண்மையாகவே பார்த்தாள். பேசுவோன் கேட்போனைத் தன்னுடன் அழைத்துச் சென்று, தான் கண்டதைக் காணச் செய்யும் இடத்தில் தமிழர் வாயில் இயல்பாக வருவது இந்தப் ‘பார்த்தால்’. ‘ஓடிப்போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது.’ ‘திரும்பிப் பார்த்தால் பின்னால் மாமா நிற்கிறார்.’ சந்தையிலிருந்து வரும் எவரையும் நிறுத்திக் கதை கேட்டால் இவ்வமைப்பு வந்துவிடும். ‘பார்த்தால்’ என்பது வாசல். அதைத் தாண்டியபின் வருவது கண்முன் உள்ள காட்சி. எனவே நிகழ்காலம். ‘கிடந்தது’ என்று முடிப்பவரும் உண்டு, அதுவும் பிழையன்று. ஆனால் ‘கிடக்கிறது’ என்பதை அடித்துக் ‘கிடந்தது’ என்று எழுதும் உரிமை நடுவர்க்கு இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒரே காலம்தான் என்று அவர் பிடிவாதம் பிடிப்பாராயின், ‘பார்த்தால்’ என்பதையும் சேர்த்தல்லவா அடித்திருக்க வேண்டும்? அதை விட்டுவிட்டு வாக்கியத்தின் வாலை மட்டும் வெட்டியிருக்கிறார்.

இன்னொன்றையும் நோக்குக. மாறுவது காலம் மட்டுமன்று, எழுவாயும் மாறுகிறது. ‘படுத்தோம்’ என்பதன் எழுவாய் நாங்கள். அது ஒரு செயல். ‘நிற்கிறது’ என்பதன் எழுவாய் தண்ணீர். அது ஒரு நிலை. செய்தவற்றை இறந்த காலத்தில் கூறிவந்து, கண்ட நிலையை நிகழ்காலத்தில் கூறுவது நம் வாய்மொழிக் கதைகளில் மிகுதியாகக் காணப்படும் முறை. நிற்கிறது, கிடக்கிறது, உட்கார்ந்திருக்கிறான், அழுகிறது, எரிகிறது என்று காணப்படுபவையும் கேட்கப்படுபவையும் அந்த இடத்தில் வரும். ‘பார்த்தால் அம்மா கதவைச் சாத்துகிறாள், விளக்கை ஏற்றுகிறாள், பெட்டியை எடுக்கிறாள்’ என்று செயல்களையும் அடுக்கலாம். அப்போது அதற்கு வேறு வேகம் வந்துவிடும். நம் மாணவி அதைச் செய்யவில்லை. ஒரே ஒரு நிலையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அடுத்த வாக்கியம் ‘நாங்கள் மேட்டிலிருந்த கோயில் திண்ணைக்கு ஏறினோம்’ என்று இறந்த காலத்துக்கே திரும்பிவிடுகிறது. வாக்கிய எல்லையில் போய், வாக்கிய எல்லையில் திரும்பிய பிள்ளையை வழிதவறியவள் என்று எப்படிச் சொல்வது?

இனித் திருத்தத்தைப் பார்ப்போம். ஒரு சொல் பிழையா என்று ஐயம் எழும்போது, திருத்திய சொல்லை அவ்விடத்தில் வைத்துப் பொருள் என்னவாகிறது என்று பார்ப்பதே உறுதியான சோதனை. ‘வாசற்படியில் தண்ணீர் நின்றது.’ இதற்கு என்ன பொருள்? தேங்கி நின்றது என்பது ஒன்று. வந்துகொண்டிருந்த தண்ணீர் வாசற்படியோடு ஓய்ந்தது என்பது இன்னொன்று. ‘மழை நின்றது’ என்றால் மழை ஓய்ந்தது. ‘வண்டி நின்றது’ என்றால் ஓட்டம் முடிந்தது. ‘நின்றது’ என்னும் சொல்லில் இவ்விரு பொருளும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. வெள்ளத்தைப் பற்றிய கட்டுரையில் ‘தண்ணீர் நின்றது’ என்று எழுதினால், அப்பாடா, வெள்ளம் வாசலோடு நின்றுவிட்டது என்று படிப்பவர் பெருமூச்சு விடவும் இடமுண்டு. அடுத்த வரியில் குடும்பம் மேட்டுக்கு ஓடுகிறது! ‘நிற்கிறது’ என்று மாணவி எழுதியதில் இந்தக் குழப்பம் துளியும் இல்லை. இருட்டில் கதவைத் திறந்தவளின் காலடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்ற ஒரு பொருள்தான் அதற்கு. இறந்த காலத்தில்தான் சொல்ல வேண்டும் எனில், ‘திறந்து பார்த்தபோது வாசற்படியில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது’ என்று வாக்கியத்தின் பிற்பாதி முழுவதையும் மாற்றியாக வேண்டும். அது குற்றமற்ற வாக்கியந்தான். ஆனால் அதில் அம்மாவின் கண் இல்லை. நிகழ்ந்ததைப் பின்னர் எழுதுபவரின் கண் இருக்கிறது.

நாம் இவ்வளவும் சொல்லக் கேட்ட நண்பர், “அப்படியானால் எந்தக் காலத்திலும் எதையும் எழுதலாம் என்கிறீர்களா?” என்று வினவினார். அன்று என்பதற்குச் சான்று அதே தாள்கட்டிலேயே இருந்தது. உடும்பன்சோலைப் பக்கத்து மாணவன் ஒருவன் தன் குடும்ப வரலாற்றை எழுதியிருந்தான்:

“எங்கள் தாத்தா கம்பத்திலிருந்து மலையேறி வந்தார், ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார், 1991-இல் காலமானார்.”

இதற்கு நண்பர் கோடிடவில்லை, மதிப்பெண்ணும் குறைக்கவில்லை. அரைப்புள்ளி இடத்தில் காற்புள்ளி இட்டதை மட்டும் திருத்தியிருந்தார். இங்கன்றோ வழு இருக்கிறது! முன்னும் பின்னும் இறந்த காலம், நடுவில் நிகழ்காலம். காலம் மாறுவதற்கு வாசல் ஏதும் இல்லை, ‘பார்த்தால்’ இல்லை, எவரும் எதையும் காணவில்லை. எழுவாய் மூன்றிலும் தாத்தாதான். ‘வேலை செய்கிறார்’ என்பது காட்சியும் அன்று. பல்லாண்டு நீடித்த வழக்கம். வழக்கமாயின் தமிழ் அதற்கு ‘வேலை செய்வார்’ என்றோ ‘வேலை செய்து வந்தார்’ என்றோ வழி வைத்திருக்கிறது. மாற்றிப் பார்க்கும் சோதனையையும் செய்வோம். ‘வேலை செய்து வந்தார்’ என்று வைத்தால் பொருள் தெளிகிறது; எதுவும் குறையவில்லை. விட்டுவைத்தாலோ, காலமான தாத்தா இன்னும் ஏலக்காட்டில் உழைத்துக்கொண்டிருக்கிறார். திருத்தினால் கெடுவது வழுவமைதி. திருத்தினால் செழிப்பது வழு. இரண்டு வாக்கியங்களும் இறந்த காலத்திலிருந்து நடுவழியில் நிகழ்காலத்துக்குச் சென்றவைதாம். ஒன்றுக்குத் தண்டனை, மற்றொன்றுக்கு விடுதலை. இரண்டும் தவறான தீர்ப்பு.

தவறவிட்ட இன்னொரு பிழையையும் இங்குக் குறிக்கவேண்டும். நம் எல்லைப்புறப் பிள்ளைகளின் எழுத்தில் காலம் உண்மையாகவே இடறுகிற இடம் வேறொன்று. ‘நான் நேற்றுப் பாலக்காட்டுக்குப் போயிருந்தேன், அங்கே மாமாவைப் பார்த்திருந்தேன், மாலையில் திரும்பியிருந்தேன்.’ இத்தகைய வாக்கியங்களைக் கட்டுக்கட்டாகக் காண்கிறோம். மலையாளத்தில் ‘போயிருன்னு’, ‘வன்னிருன்னு’ என்பவை வெறும் இறந்த காலமாகவே தாராளமாக வழங்கும். தமிழில் ‘போயிருந்தேன்’ என்பதற்கு அருகில் இன்னொரு இறந்தகால நிகழ்ச்சி வேண்டும். அதற்கு முன்பே இது முடிந்தது என்பதைக் காட்டவே ‘இருந்தேன்’ வருகிறது. ‘நீ வந்தபோது நான் பாலக்காட்டுக்குப் போயிருந்தேன்’ என்பது தமிழ். வேறு நிகழ்ச்சி இன்றி மூன்று முற்றிலும் ‘இருந்தேன்’ வருமானால், எதற்கு முன் எது என்று கேட்பவர்க்கு விளங்காது. இதில் மூன்றும் இறந்த காலமே. ‘ஒரே காலம்’ என்ற விதியைக் கொண்டு பார்த்தால் இவ்வாக்கியம் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்! வாங்கியும் இருக்கிறது. அண்டை மொழியின் மேல் நமக்குக் காய்ச்சல் ஏதும் இல்லை. மலையாளத்தில் அது சரியே. அந்தச் சட்டை தமிழின் தோளுக்கு அளவெடுத்துத் தைத்ததன்று என்பதே செய்தி.

எழுதப்படும் தாள் எத்தகையது என்பதையும் பார்த்தாக வேண்டும். நம் வாதத்துக்கு இதுவே எல்லை. நம் மாணவி எழுதியது நிகழ்ந்ததை விவரிக்கும் கட்டுரை. அங்கே ‘நிற்கிறது’ பொருந்தும். அதே குடும்பம் வெள்ளச் சேதத்துக்கு நிவாரணம் வேண்டி மனு எழுதுகிறது என்று கொள்வோம். கேரள அரசின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியிலேயே அரசுடன் எழுதித் தொடர்புகொள்ள இடம் தந்திருக்கிறது. எனவே இது வெறும் கற்பனை அன்று. அம்மனுவில், ‘வெள்ளம் வீட்டினுள் புகுந்தது, பின்சுவர் விரிசல் விடுகிறது’ என்று எழுதினால் படிக்கும் அலுவலர் என்ன கொள்வார்? விரிசல் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது, வீடு ஆபத்தில் இருக்கிறது என்று கொள்வார். அது உண்மையாயின் நிகழ்காலமே வேண்டும். வெள்ளத்தன்று விரிசல் விட்டு அப்படியே இருக்கிறது எனில் ‘விரிசல் விட்டிருக்கிறது’ என்பதே சொல். விரிசல் விட்டு, பின்னர் பூசி அடைத்தாயிற்று எனில் ‘விரிசல் விட்டது’. மூன்றும் மூன்று வேறு உண்மைகள். மூன்றுக்கும் கிடைக்கும் தொகை ஒன்றாயிராது. கதை சொல்லும் சுவைக்காக இங்கே நிகழ்காலத்தைக் கையாள்பவர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்வார். மனுவில் காட்சி காட்டக் கூடாது. நாள், நிலை, இன்றைய நிலை என்று தனித்தனியே நிறுத்த வேண்டும். இந்த வேறுபாட்டைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தால், ‘ஒரு வாக்கியத்துக்கு ஒரு காலம்’ என்ற பொய் விதியை மனப்பாடம் செய்யும் நேரம் மிஞ்சும்.

நண்பர் முழுமையாக உடன்பட்டார் என்று சொல்லமாட்டோம். “தொல்காப்பியர் விலக்கவில்லை என்பது சரி, பள்ளிப்பிள்ளைக்கு அவ்வளவு உரிமை தரலாமா? முதலில் ஒழுங்காக நடக்கட்டும்; பிறகு ஆடட்டும்” என்றார். இதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ‘பார்த்தால் நிற்கிறது’ என்பது அப்பிள்ளை புதிதாகக் கற்ற ஆட்டம் அன்று. தமிழ் எழுத்துக் கற்பதற்கு முன்பே தன் பாட்டியின் வாயிலிருந்து பெற்றது. தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கப் போனவள் அந்தியில் திரும்பி வந்து, காட்டெருமை கண்ட கதையைச் சொல்லும்போது, ‘தலையைத் தூக்கிப் பார்த்தா எதிரே நிக்குது’ என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த நடையே பிள்ளைக்கு இயல்பான நடை. செயற்கையான நடையைக் கொடுத்து, இதுதான் நடை என்கிறோம் நாம். இரு மாநிலத்தின் எல்லையில், வீட்டில் மட்டும் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்த வீட்டுத் தமிழை விட்டால் வேறு மூலதனம் என்ன இருக்கிறது?

இறுதியில் மாணவியின் மதிப்பெண் திரும்பக் கொடுக்கப்பட்டது. ‘காலப்பிழை’ என்ற சிவப்பெழுத்தின்மேல் நண்பரே ஒரு கோடு இழுத்தார், பெருந்தன்மைதான். ஆனால் குறைத்த மதிப்பெண்ணை உடும்பன்சோலை மாணவனின் தாளில் குறைக்கவேண்டும் என்று நாம் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. ஆகவே அவனை அழைத்து, ‘தாத்தா இப்போதும் வேலை செய்கிறாரா?’ என்று மட்டும் கேட்டோம். பையன் திகைத்து, ‘இல்லை ஐயா, அந்தக் காடு மட்டும் இன்னும் இருக்கிறது’ என்றான். அதையே எழுது என்றோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, காலமான செய்தியைத் தனி வாக்கியமாக்கி, அதன் கீழே ‘தாத்தா வேலை செய்த காடு இன்றும் காய்க்கிறது’ என்று எழுதித் தந்தான்.